நீக்கியது ஒருவரைத்தான்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கவுண்டரிலிருந்து மேலே போன் வந்தது. பழைய ரிப்போர்ட் கேட்டு ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள், சிஸ்டத்தில் எதுவும் கிடைக்கவில்லை, அவர்களோ நகர மாட்டேன் என்கிறார்கள், கொஞ்சம் பார்க்க முடியுமா என்றாள் கவுண்டர் பெண்.

செவ்வந்தி லேப் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே ரத்தம் எடுக்கும் இடம், நடுவில் பரிசோதனைக் கூடம், மேலே அலுவலகம். கிருஷ்ணகிரி வரைக்கும் ஒன்பது கிளைகள். அத்தனைக்குமான டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது ஜெயப்ரியாவின் வேலை. அருப்புக்கோட்டைக்காரி, கணவனுக்கு வண்டிக் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகு மத்திகிரியில் வீடு எடுத்து, நான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறாள். சாதாரணமாக இந்த மாதிரிப் புகார்களுக்கெல்லாம் அவள் கீழே இறங்குவதில்லை. அன்றைக்கு ஏனோ காபி குடித்துவிட்டு வரலாம் என்று இறங்கினாள்.

கவுண்டர் ஓரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கணவர் பெயர் வெங்கடப்பன் என்றும், தன் பெயர் செல்லி என்றும் அவளே சொன்னாள்.

"மூணு மாசமா வயித்து வலிங்க. சோறு எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரில டாக்டரு, முன்ன எப்பனா ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டாரு. எடுத்தோமே, கம்பெனில கேம்ப் போட்டு எடுத்தாங்களேன்னு சொன்னோம். அத வாங்கினு வாங்கன்னு அனுப்பிட்டாரு."

"போன் நம்பர் சொல்லுங்கக்கா, பாக்குறேன்."

செல்லி ஒரு நம்பரைச் சொன்னாள். ஜெயப்ரியா தேடினாள். அந்த நம்பரில் யாரும் இல்லை.

"இந்த நம்பர் இல்லீங்க. அப்ப எங்களுக்குப் போனே இல்ல. காண்ட்ராக்டர் ஆபீஸ்ல கவின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, அதோட நம்பர்லதான் எல்லாருக்கும் எழுதுனாங்க. இருங்க, எங்கிட்ட இருக்குது." செல்லி தன் போனைத் துழாவி, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள்.

கடைசி நான்கு இலக்கம் வந்தபோது ஜெயப்ரியாவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. அந்த நம்பர் அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளைக்கு முன்னால் அதை அவள்தான் அழித்தாள்.

*

கவிப்ரியா என்ற வாடிக்கையாளரிடமிருந்து அந்தக் கோரிக்கை வந்திருந்தது. இணையதளத்தில் இருக்கும் படிவத்தை நிரப்பியிருந்தாள். 'எனக்கும் உங்கள் லேபுக்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. தினமும் மெசேஜ் வருகிறது. என் பெயர், நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.' ஓடிபி அனுப்பிச் சரிபார்த்தார்கள். அவள்தான்.

புதிய தரவுச் சட்டம் வருகிறது, இந்த மாதிரிக் கோரிக்கைகளை ஒழுங்காகச் செய்து பழக வேண்டும் என்று ஐடி பிரிவின் தலைவர் பாலாஜி சொல்லியிருந்தார். ஜெயப்ரியா இரண்டு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டாள். ஒரு ஆளைப் பற்றிய விவரம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெயரும் நம்பரும் வாடிக்கையாளர் டேபிள் என்னும் பட்டியலில். முகவரி வேறொன்றில். எந்தத் தேதியில் என்ன டெஸ்ட் என்பது இன்னொன்றில், அதன் முடிவுகள் அதற்கடுத்ததில், டாக்டரின் குறிப்புகள் அதற்கும் அடுத்ததில். இப்படிப் பன்னிரண்டு டேபிள்கள், ஒன்றையொன்று வாடிக்கையாளர் எண்ணாலும் டெஸ்ட் எண்ணாலும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பில் டேபிளில் கவிப்ரியா பெயருக்கு ஒரே ஒரு பில் இருந்தது. வரிச் சட்டப்படி பில்லை அழிக்க முடியாது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். மெசேஜ் பட்டியலில் அந்த நம்பருக்குப் போனவை நானூற்றுப் பதினேழு. 'பாவம், கடுப்பாகாம என்ன செய்வா' என்றுதான் ஜெயப்ரியா நினைத்தாள். அவளுடைய சொந்த ரத்தப் பரிசோதனை நான்கு வருடப் பழையது, வைத்திருக்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது என்று லேப் டாக்டரும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மீதி டேபிள்களைத் தனித்தனியாகத் தொடவே தேவையில்லை. இந்த சாப்ட்வேரை எழுதியவர்கள், வாடிக்கையாளர் வரியை அழித்தால் அதைப் பிடித்திருக்கும் டெஸ்ட், முடிவு, குறிப்பு எல்லாம் தானாகக் கூடவே போகும்படி கட்டி வைத்திருந்தார்கள். ஜெயப்ரியா முதலில் நகல் டேட்டாபேஸில் ஓட்டிப் பார்த்தாள். கட்டளையைப் பாலாஜி ஒருமுறை படித்தார். பிறகு உண்மையான டேட்டாபேஸில் ஓட்டினாள். திரையில் 'டெலீட் 1' என்று வந்தது. ஒருவரை அழிக்கச் சொன்னார்கள், ஒன்று போயிருக்கிறது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அன்று மாலை கவிப்ரியாவுக்குக் கடிதம் போனது. "நீட்டா முடிச்சிட்ட ஜெயா" என்றார் பாலாஜி.

அந்த 'ஒன்று' வாடிக்கையாளர் டேபிளில் இருந்த ஒரே ஒரு வரியின் கணக்கு. அதோடு கூடவே விழுந்தவற்றை அந்தத் திரை சொல்வதேயில்லை. அது அவளுக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரிந்ததுதான்.

*

கவுண்டரிலிருந்து படியேறி மேலே வந்தது ஜெயப்ரியாவுக்கு நினைவில்லை. பாலாஜியின் மேசை முன்னால் நின்று, "சார், தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.

பாலாஜி ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், அலுவலகத்தில் தமிழ். பதற்றம் வந்தால் மூன்றும் கலந்துவிடும். அவள் சொல்லி முடிப்பதற்குள், "அய்யய்யோ தேவுடா" என்று எழுந்துவிட்டார். "பேக்கப் எத்தினி நாளுக்கு இருக்குது?"

"பதினாலு நாள் சார். இன்னியோட ஒம்பது ஆச்சு."

"இருக்குது இல்ல? உசிரு வந்துச்சு. தனி மெஷின்ல எறக்கு. லைவ்ல கை வெக்காத."

அழிப்பதற்கு முந்தைய நாள் பேக்கப்பைத் தனிக் கணினியில் இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை வெங்கடப்பனையும் செல்லியையும் கீழே உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். இறக்கி முடித்ததும் முதலில் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒன்பது நாளைக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய எண்ணிக்கை. கவிப்ரியாவின் வாடிக்கையாளர் எண்ணைப் பிடித்திருந்த டெஸ்ட்கள் இருநூற்று நாற்பத்து மூன்று. முடிவு வரிகள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

ஒவ்வொரு டெஸ்ட்டிலும் நோயாளியின் பெயரைக் கவுண்டரில் கையால் தட்டியிருந்தார்கள். பெயர்களை மட்டும் பிரித்து எடுத்தாள். கவிப்ரியாவைத் தவிர அறுபது பெயர்கள். நாராயணம்மா, ரத்தினவேல், கருப்பாயி, ஒடிசாக்காரர்கள் போலத் தோன்றும் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், வெங்கடப்பன். லேபின் சாப்ட்வேருக்கு ஒரு மொபைல் நம்பர் என்றால் ஒரு ஆள். காண்ட்ராக்டர் அலுவலகத்தில் இருந்த ஒரே நம்பரைக் கொடுத்து அறுபது பேரைப் பதிந்திருக்கிறார்கள். கேம்ப் பில் எல்லாம் காண்ட்ராக்டர் பெயருக்கே போயிருக்கிறது. அதனால்தான் கவிப்ரியா பெயரில் ஒரே பில் நின்றது.

அப்படியானால் அந்த நானூற்றுச் சொச்சம் மெசேஜ்களும் அறுபது பேருடைய ரிப்போர்ட்கள்தாம்.

வெங்கடப்பன் பெயரைத் திறந்தாள். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஒரு யூனிட்டில் போட்ட கேம்ப். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். நான்கு கேம்ப், ஈய அளவுக்கு எட்டு வரிகள். ஒரே தேதியில் இரண்டிரண்டு இருந்தன. மறுபடி எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கடைசித் தேதியில் ஐம்பத்திரண்டு என்று ஒன்று, எழுபத்தொன்று என்று ஒன்று. இரண்டும் சிவப்பில். அந்த எண்களுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாது. சிவப்புக்கு மட்டும் தெரியும். தாளில் எழுதிக்கொண்டு கீழே நடு மாடிக்கு ஓடினாள்.

லேபின் மருத்துவர் வினோதா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கித் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெயா, இது எங்க இருந்து வந்தது?"

"நம்ம ரிப்போர்ட்தான் டாக்டர். பத்து மாசம் முன்னாடி."

"நான்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்." வினோதா ஐம்பத்திரண்டின் மேல் விரலை வைத்தார். "அஞ்சு தாண்டினாலே கவனிக்கணும். அம்பது தாண்டினா அந்த வேலையிலயே நிக்க விடக்கூடாது. இந்த மாதிரி நம்பர் வந்தா உடனே போன் பண்ணிச் சொல்லணும்னு ரூல் இருக்கே. சொன்னாங்களா? பாரு."

ஜெயப்ரியா மறுபடி மேலே ஓடினாள். குறிப்பு டேபிளில் இருந்தது. 'பதிவு செய்த நம்பருக்கு அழைக்கப்பட்டது. தகவல் சொல்லப்பட்டது.' தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அந்த மாதிரிக் குறிப்பு இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்த்தாள். பத்தொன்பது. பத்தொன்பதும் அதே நம்பருக்கு.

அவள் ஒன்பது நாளைக்கு முன்னால் அழித்தது இதைத்தான். இன்னும் ஐந்து நாள் போயிருந்தால் பேக்கப்பும் போயிருக்கும். இப்படி ஒரு தகவல் எங்கேயாவது சொல்லப்பட்டது என்பதற்கு உலகத்தில் ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடி வைத்தாள்.

*

கவிப்ரியாவைக் கூப்பிடலாமா என்பதே ஒரு கேள்வியானது. "அந்தப் பொண்ணு நம்பரை அழிச்சாச்சு, அழிச்சிட்டோம்னு லெட்டரும் குடுத்தாச்சு. இப்ப பேக்கப்ல இருந்து எடுத்து நாமளே போன் போட்டா நல்லா இருக்குதா?" என்றார் பாலாஜி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் செல்லியே தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

கவிப்ரியா இப்போது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இங்கே இறங்கி வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. கீழே வராண்டாவை ஒட்டிய அறையில் ஜெயப்ரியாவும் வினோதாவும் இருந்தார்கள். வந்ததும் அவள் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தாள்.

"அழிச்சிட்டோம்னு லெட்டர் குடுத்தீங்க இல்ல மேடம்? மறுபடியும் எதுக்குக் கூப்புடுறீங்க?"

ஜெயப்ரியா யோசித்துப் பேசினாள். யாருடைய ரிப்போர்ட்டையும் இவளிடம் காட்டக் கூடாது. "உங்க விவரம் இல்லம்மா. உங்க நம்பர்ல வேற ஆளுங்க இருந்திருக்காங்க. அது எப்படி நடந்துச்சுன்னு மட்டும் தெரியணும்."

"காண்ட்ராக்டர் சார்தான் என் நம்பரைக் குடுக்கச் சொன்னாரு. வேலைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் போன் இல்ல, மீதிப் பேரு மாசா மாசம் சிம் மாத்துவாங்க. ரிப்போர்ட் வந்தா சாருக்குப் பார்வேர்டு பண்ணுவேன். அவ்ளோதான் என் வேலை."

"போன்ல பேசி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்வாங்க. லெவல் ஜாஸ்தி இருக்குது, பேஷண்ட்கிட்ட சொல்லுங்கன்னு. நான் சார்கிட்ட சொல்வேன். சரி பாத்துக்கறேன்னு சொல்வாரு." கவிப்ரியாவின் குரல் இறங்கியது. "என்ன லெவல் மேடம் அது?"

வினோதா எழுந்து போய் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அதிலேயே கவிப்ரியாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. வராண்டாவில் வயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்த வெங்கடப்பனைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள்.

"வெங்கடப்பண்ணனுக்கா?"

"அவருக்கு என்னன்னு அவருகிட்டதான் சொல்லணும்" என்றார் வினோதா.

"எந்த வெங்கடப்பன்கிட்ட டாக்டர்?"

வினோதா திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இருந்தாங்க" என்றாள் கவிப்ரியா. "இவரு மத்திகிரி வெங்கடப்பன். இன்னொருத்தரு ஜவளகிரி வெங்கடப்பன். லிஸ்ட்ல ரெண்டு பேருக்கும் நாப்பதுன்னு வயசு போட்டது நான்தான். யாருக்கும் சரியான வயசு தெரியாது, எல்லாருக்கும் நாப்பது, முப்பதுன்னு போட்டுடுவேன்."

எட்டு வரிகள். ஒரே தேதியில் இரண்டிரண்டு. ஜெயப்ரியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. பெயரை வைத்துப் பிரித்து, அறுபது பேர் என்று எண்ணியிருக்கிறாள். அறுபத்தொரு பேர். கவிப்ரியா சொல்லியிராவிட்டால் இப்போதே இந்த ஆளிடம் போய், 'உங்களுக்கு எழுபத்தொன்று' என்று சொல்லியிருப்பார்கள்.

கேம்ப் அன்று ரத்தம் எடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் குழாயில் ஒட்டும் அதே பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டுவது வழக்கம். அந்தத் தாள்கள் கீழே இரும்பு அலமாரியில் இருந்தன. வினோதாவும் ஜெயப்ரியாவும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள். கடைசி கேம்பின் நான்காம் பக்கத்தில் இரண்டு வெங்கடப்பன்கள் அடுத்தடுத்து இருந்தார்கள். முதல் ஸ்டிக்கருக்கு எதிரே கன்னடத்தில் ஒரு கையெழுத்து. இரண்டாவதற்கு எதிரே நீல மசிக் கைநாட்டு. ஜெயப்ரியா பார்கோடு எண்களைக் கணினியில் ஒத்துப் பார்த்தாள். கையெழுத்துக்கு ஐம்பத்திரண்டு. கைநாட்டுக்கு எழுபத்தொன்று.

வராண்டாவில் இருந்தவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார் வினோதா. அவர் வலியோடு குனிந்து நிதானமாகக் கன்னடத்தில் எழுதினார்.

அவரையும் செல்லியையும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வினோதா விஷயத்தைச் சொன்னார். வெளியே நின்ற ஜெயப்ரியாவுக்குச் செல்லியின் குரல் மட்டும் கேட்டது. "பத்து மாசமாங்க? பத்து மாசம் அங்கியே வேல செஞ்சாருங்களே!"

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் ஜெயப்ரியா கவிப்ரியாவிடம் கேட்டாள்.

"அந்த இன்னொருத்தர் இப்ப எங்கம்மா இருக்காரு?"

"ஆடி மாசத்துலியே வேலைய வுட்டு நின்னுட்டாரு. ஊருக்குப் போயிட்டாரு. கை வேல செய்யலன்னு சொன்னாங்க."

"கைன்னா?"

கவிப்ரியா தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டை அப்படியே தொங்கவிட்டுக் காட்டினாள். வினோதா கார்ச் சாவியை எடுத்தார்.

*

தளி தாண்டி ஜவளகிரி போகும் வழியில் வினோதா காரை ஓட்ட, ஜெயப்ரியாவும் கவிப்ரியாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராகிக் கொல்லைகள் முடிந்து காட்டோரம் வந்ததும் கவிப்ரியா வீட்டைக் காட்டினாள். காரை விட்டு இறங்கவில்லை.

"நீங்க போங்க. நான் உள்ள வரல. என் மூஞ்சிய எப்பிடிக் காட்டுறது?"

வெங்கடப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் மற்றவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. வலது மணிக்கட்டு பிடுங்கிப் போட்ட செடி மாதிரித் தொங்கியது. வாத நோய் என்று சொல்லி நான்கு மாதமாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. வினோதா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எளிய வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னார். ஈயம் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது, அது நரம்பைத் தின்னும், வாதமில்லை, வைத்தியம் இருக்கிறது, இன்றைக்கே வர வேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இது எப்பத் தெரிஞ்சுதுங்கம்மா?"

"பத்து மாசத்துக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

ஜெயப்ரியாதான் சொன்னாள். "தெரியும்ங்கய்யா. எங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. உங்களுக்குச் சொன்னதா எழுதி வச்சிருந்தோம்."

அதை நானே அழிக்கவும் அழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள். அழித்ததும், இன்று திரும்ப எடுத்ததும் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "எங்கிட்ட யாரும் சொல்லலம்மா" என்று மட்டும், ஏதோ இவர்களுக்கு விளக்கம் சொல்வது போலச் சொன்னார். அவர் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்று மாலை எடுத்த ரத்தத்தில் அளவு தொண்ணூற்றாறு. வேலையை விட்டு நான்கு மாதம் ஆன பிறகும் தொண்ணூற்றாறு. எலும்பில் தங்கியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும் என்றார் வினோதா. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

*

அடுத்த நான்கு நாள் ஜெயப்ரியா வீட்டுக்குத் தூங்க மட்டும் போனாள். தனிக் கணினியில் இறக்கிய நகலிலிருந்து மற்றவர்களுடைய வரிகளை மட்டும் எடுக்க வேண்டும்; கவிப்ரியாவுடையது ஒன்றுகூடத் திரும்ப வந்துவிடக் கூடாது. அறுபத்தொரு பேருக்கும் தனித்தனியாகப் புதிய எண் கொடுத்தாள். ஒரே பெயர் உள்ளவர்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேம்ப் தாள்களோடு ஒவ்வொரு பார்கோடாக ஒத்துப் பார்த்தாள். நல்லவேளை, வேறு யாரும் இல்லை. டெஸ்ட்களை அந்தந்தப் புதிய எண்ணோடு கட்டி, முடிவுகளையும் குறிப்புகளையும் அவற்றின் பின்னால் கட்டி, போன் நம்பர் இருந்த இடத்தைக் காலியாக விட்டாள். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டேபிளையும் எண்ணி, எண்ணிக்கையைத் தாளில் எழுதிப் பாலாஜியிடம் கையெழுத்து வாங்கினாள்.

கூடவே எல்லாம் அழியும்படி போட்டிருந்த அந்தப் பிணைப்பையும் பிரித்துவிட்டாள். இனி ஒரு வாடிக்கையாளரின் கீழ் ஏதாவது இருந்தால், அழிக்க முடியாது என்று டேட்டாபேஸ் மறுக்கும். என்ன இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். மொபைல் நம்பரை ஆளின் அடையாளமாக வைத்திருந்ததை மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அதே மாதிரி வேறு எத்தனை நம்பர்களில் எத்தனை பேர் என்று பாலாஜி தேடச் சொன்னார். நாற்பதுக்கு மேல் நம்பர்கள் வந்தன. பட்டியலைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நிர்வாகத்துக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். தன் பெயரை மறைக்காமல் எழுதினாள் ஜெயப்ரியா. வேலை போகும் என்று நினைத்தாள், போகவில்லை. தொழில்நோயைப் பார்த்த மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று வினோதா அன்றே கடிதம் அனுப்பியிருந்தார். ஆய்வாளர்கள் வந்து அந்த யூனிட்டை மூடி, உள்ளே அளவெடுத்தார்கள். வழக்கு நடக்கிறது. அறுபத்தொரு பேரில் இதுவரை நாற்பத்து நான்கு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. ஒடிசாவுக்குத் திரும்பிப் போனவர்களில் ஆறு பேர் அந்தச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை வைத்து வினோதா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மத்திகிரி வெங்கடப்பனுக்கு வயிற்று வலி குறைந்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. ஜவளகிரி வெங்கடப்பனுக்கு இரண்டு சுற்று மருந்து ஏற்றிய பிறகு அளவு இறங்கியது. கை முழுதாக எழும்பவில்லை. டம்ளரைப் பிடிக்கிறார், வாய்க்குக் கொண்டுபோக இடது கை துணை வேண்டியிருக்கிறது.

வரிகளைத் திரும்பச் சேர்க்கும் வேலை முடிந்து, தனிக் கணினியில் இருந்த நகலையும் அழித்த மறுநாள் கவிப்ரியா லேபுக்கு வந்தாள். கவுண்டரில் நிற்காமல் நேராக மேலே வந்து, ஜெயப்ரியாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மேடம், இப்ப என்னோடது ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு பில் மட்டும் இருக்கு. அதை அழிக்கச் சட்டத்துல இடமில்ல. இந்தப் படிவம் குடுத்தீங்கங்கிறதுக்கு ஒரு குறிப்பு இருக்கும். மெசேஜ் அனுப்புற கம்பெனிக்கும் எழுதி அவங்க லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. வேற எதுவும் இல்ல."

கவிப்ரியா தலையாட்டினாள். தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள். "இதுலயும் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். வந்த அன்னிக்கே அழிச்சிடுவேன், எடம் பத்தாதுன்னு. அந்த அண்ணன் மெசேஜ் வந்த அன்னிக்கு நான் என்ன செஞ்சினு இருந்தேன்னு ஞாபகப்படுத்திப் பாக்குறேன் மேடம். ஞாபகமே வர மாட்டேங்குது."

ஜெயப்ரியாவுக்கோ தான் அழித்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. 'டெலீட் 1' என்று வந்ததும் எழுந்து போய், பாலாஜி வாங்கி வைத்திருந்த மைசூர்பாகில் ஒரு துண்டு எடுத்துத் தின்றாள்.

"ஷிப்ட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"இந்த வாரம் ரெண்டு மணிக்கு."

"வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்."

இருவரும் படியிறங்கினார்கள். கீழே கவுண்டரில் ஒரு சூப்பர்வைசர் இருபது பேரை வரிசையில் நிறுத்தி, எல்லாருக்கும் தன் நம்பரையே எழுதச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயப்ரியா நின்றாள். கவிப்ரியா அவளுக்கு முன்னால் அந்த ஆளிடம் போய்விட்டாள்.